கடையை வாங்க வந்த கம்பெனி

மஸ்ஜித் தானா பட்டணத்தில் முப்பது வருடமாக மளிகைக் கடை நடத்தும் ஓர் அண்ணன், சென்ற மாதம் தம் மகனோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் இரண்டு கணக்குப் புத்தகங்கள், ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் பில்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு லோரியில் சாமான் கொண்டுபோய் இறக்கி, சம்பள நாளில் பணம் வாங்கி வளர்ந்த கடை அது. மகன் மலாக்கா பட்டணத்தில் வேலை பார்த்துவிட்டுக் கடைக்கே திரும்பியிருக்கிறார். இனி இது செண்டிரியான் பெர்ஹாட்டாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரிய விநியோகிப்பாளர்களும் வங்கியும் கம்பெனி என்றால்தான் உட்காரச் சொல்கிறார்கள் என்கிறார்.

அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"என் கடையை நானே வாங்கறதா? எனக்கு நானே விலை பேசறதா? இது என்ன விளையாட்டு தம்பி?"

விளையாட்டு இல்லை. தனிநபர் வியாபாரம் கம்பெனியாக மாறுகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் எதுவும் மாறுவதில்லை, ஒரு விற்பனை நடக்கிறது. விற்பவர் அண்ணன். வாங்குவது புதிதாகப் பிறந்த கம்பெனி. இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்குப் புத்தகம். இரண்டிலும் அந்த விற்பனை எழுதப்பட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள, கடைக் கணக்கைத் திறப்பதற்கு முன் இலண்டனில் ஒரு செருப்புக் கடைக்குப் போய்வரலாம்.

இலண்டன் சாலமன்

ஆரோன் சாலமன் இலண்டனின் ஒயிட்சேப்பல் ஹை ஸ்டிரீட்டில் தோல் செருப்பும் பூட்ஸும் செய்து விற்றவர். பல வருடம் தனி ஆளாக நடத்திய வியாபாரம். பிள்ளைகள் வளர்ந்து தங்களுக்கும் தொழிலில் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்க, 1892-இல் ஒரு கம்பெனியைத் தொடங்கி வியாபாரத்தை அதற்கு விற்றார். அன்றைய சட்டப்படி ஏழு பங்குதாரர்கள் தேவை. மனைவி, மகள், நான்கு மகன்கள் ஆகியோருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. மீதி 20,001 பங்குகள் சாலமனுக்கு.

விலை ஏறத்தாழ 39,000 பவுன். இதில் 20,000 பவுனுக்குப் பங்குகளாகவும் 10,000 பவுனுக்குக் கடன் பத்திரங்களாகவும் பெற்றுக்கொண்டார். ரொக்கமாக அவர் கையில் நின்றது சுமார் 1,000 பவுன். மற்றதெல்லாம் வியாபாரத்தின் பழைய கடன்களைத் தீர்க்கப் போனது. அந்தக் கடன் பத்திரங்களுக்கு கம்பெனியின் சொத்துகள் ஈடாக இருந்தன. இதைக் கவனத்தில் வையுங்கள்.

செருப்புத் தொழிலில் வேலைநிறுத்தங்கள் வந்தன, விற்பனை விழுந்தது. 1893-இல் கம்பெனி மூழ்கியது. ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு 7,700 பவுனுக்கு மேல் பாக்கி நின்றது, அவர்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. "கம்பெனி என்பது வெறும் பெயர், உள்ளே இருப்பது சாலமன்தான், அவரே கட்டட்டும்" என்று வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சாலமனுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை அதைத் தலைகீழாக மாற்றியது. சட்டப்படி பதிவான கம்பெனி தனி ஆள், சாலமன் வேறு, கம்பெனி வேறு, கம்பெனி பட்ட கடனை அவர் கட்டத் தேவையில்லை என்றது. மலேசிய நீதிமன்றங்களும் இன்றுவரை இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன.

இந்த வழக்கைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கணக்குக்காரனுக்கு முக்கியமானது இன்னொன்று. அந்த 39,000 பவுன் விலை அதிகம் என்று நீதிபதிகளுக்கே தோன்றியது. தன் வியாபாரத்தின் மேல் பாசம் வைத்த ஒருவரின் நம்பிக்கை விலை அது, கறாரான வியாபார மதிப்பு அல்ல என்ற பொருளில் ஒருவர் எழுதினார். ஆனாலும் பங்குதாரர்கள் எல்லாருக்கும் அந்த விலை தெரிந்தே இருந்தது, ஒளிவு மறைவு இல்லை. அதனால் விற்பனை செல்லும்.

அண்ணனிடம் நான் சொன்னதும் இதுதான். உங்களுக்கு நீங்களே விலை போடலாம். அந்த விலை எப்படி வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். அந்த விலைக்குத்தான் கணக்கியலில் கொள்முதல் மறுபயன் என்று பெயர்.

எதை விற்கிறோம்?

இங்கே 2016-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் வந்த பிறகு ஒரே ஆள் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருந்து கம்பெனி தொடங்க முடியும். சாலமனைப் போல ஏழு பேரைத் தேட வேண்டாம். எஸ்எஸ்எம்மில் கம்பெனி பதிவாகட்டும். பிறகு அண்ணனும் கம்பெனியும் ஒரு விற்பனை ஒப்பந்தம் எழுத வேண்டும். எந்தத் தேதியிலிருந்து, என்னென்ன சொத்து, என்னென்ன கடன், என்ன விலை, எப்படிச் செலுத்துவது என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். இந்த ஒப்பந்தம் இல்லாமல் கணக்கு எழுதத் தொடங்குகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து எது அப்பாவுடையது, எது கம்பெனியுடையது என்று தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அண்ணனின் கடைக் கணக்கு டிசம்பர் 31-இல் இப்படி இருந்தது. உங்கள் வசதிக்காக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

லோரி 45,000 ரிங்கிட்
அலமாரி, குளிர்பெட்டி 15,000
சரக்கு 80,000
வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி 30,000
வங்கியில் 10,000
மொத்தம் 180,000

சப்ளையர்களுக்குத் தர வேண்டியது 50,000
அண்ணனின் மூலதனம் 130,000

கடைக் கட்டடம் அண்ணனின் சொந்தப் பெயரில் இருக்கிறது. அதை அவர் விற்கவில்லை, கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறார். வங்கியில் உள்ள 10,000-ஐயும் தாமே வைத்துக்கொள்கிறார். மற்ற நான்கு சொத்துகளும் கம்பெனிக்கு. சப்ளையர் கடனையும் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது.

இப்போது வாங்குகிறவர் கண்ணால் பார்க்க வேண்டும். புத்தகத்தில் 45,000 என்று நிற்கும் லோரிக்குப் பழைய லோரி வியாபாரி 35,000-தான் தருவார். சரக்கை எண்ணிப் பார்த்தபோது காலாவதியான மாவு, எண்ணெய் என்று 4,000-க்கு ஓரமாய்க் கிடந்தது. அதனால் சரக்கு 76,000. பாக்கியில் 3,000, வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டவர்களின் பேரில் நிற்கிறது. அதனால் பாக்கி 27,000. அலமாரி அதே 15,000.

கூட்டினால் 153,000. சப்ளையர் கடன் 50,000-ஐக் கழித்தால் 103,000. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு எண்ணக்கூடிய நிகரச் சொத்து இவ்வளவுதான்.

பெயருக்கு என்ன விலை?

"முப்பது வருஷப் பேருக்கு விலை இல்லையா?" என்று கேட்டார் அண்ணன். உண்டு. குட்வில் என்று நாம் சொல்லும் நற்பெயர் அதுதான். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு வேண்டும்.

கடை வருடத்துக்குச் சுமார் 60,000 ரிங்கிட் இலாபம் காட்டுகிறது. ஆனால் அண்ணன் தமக்குச் சம்பளம் எழுதுவதில்லை. அவர் இடத்தில் ஒரு மேனேஜரை வைத்தால் மாதம் 3,500, வருடத்துக்கு 42,000 ஆகும். மீதி 18,000. அந்த 103,000-ஐ வேறு தொழிலில் போட்டிருந்தாலும் நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொண்டால் சுமார் 8,000 கிடைத்திருக்கும். அதையும் கழித்தால், கடையின் பெயரால் மட்டும் வருவது வருடத்துக்குச் சுமார் 10,000. அது இன்னும் இரண்டரை வருடம் தொடரும் என்று அப்பாவும் மகனும் ஒப்புக்கொண்டார்கள். நற்பெயர் 25,000.

தனி ஆள் வியாபாரத்தில் நற்பெயரைக் கணிக்கும்போது நடக்கும் பெரிய தவறு, முதலாளியின் உழைப்பைக் கழிக்க மறப்பதுதான். 60,000-ஐயும் கடையின் சம்பாத்தியம் என்று எடுத்துக்கொண்டால் நற்பெயர் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிடும். அது கடையின் பெயருக்குள்ள விலை இல்லை. அப்பா காலை ஐந்து மணிக்கு எழுந்து லோரி ஓட்டியதன் கூலி. அதைக் கம்பெனி வாங்க முடியாது. நாளைக்கும் அவர் எழுந்து ஓட்டினால் மாதச் சம்பளமாகத்தான் கொடுக்க முடியும்.

ஆக, கொள்முதல் மறுபயன் 128,000 ரிங்கிட். இதில் 108,000-க்கு ஒரு ரிங்கிட் விலையில் பங்குகள், 20,000 ரொக்கம். கம்பெனிக்கு ரொக்கம் எங்கிருந்து வரும்? மகன் தம் சேமிப்பிலிருந்து 32,000 போட்டு அதே விலையில் 32,000 பங்குகள் வாங்குகிறார்.

அண்ணனின் புத்தகம்

அண்ணனின் பழைய புத்தகத்தை மூட வேண்டும். அதற்குத் தீர்வுக் கணக்கு என்று ஒன்றைத் திறக்கிறோம். கடையை விட்டுப் போகிற எல்லாம் ஒரு பக்கம், கடைக்குக் கிடைத்த விலை மறு பக்கம் என்று வைக்கும் தராசு அது. இங்கே எழுதுவது பழைய புத்தக மதிப்பில். புதிய மதிப்பு அண்ணனின் புத்தகத்துக்குள் வரக் கூடாது.

1. தீர்வுக் கணக்கு பற்று 170,000. லோரி 45,000, அலமாரி 15,000, சரக்கு 80,000, பாக்கி 30,000 ஆகியவை வரவு. நான்கு கணக்குகளும் மூடின.

2. சப்ளையர் கணக்கு பற்று 50,000, தீர்வுக் கணக்கு வரவு. கடன் கம்பெனிக்குப் போகிறது.

3. கம்பெனி கணக்கு பற்று 128,000, தீர்வுக் கணக்கு வரவு. கம்பெனி தர வேண்டிய விலை இது.

இப்போது தராசைப் பாருங்கள். ஒரு பக்கம் 170,000, மறு பக்கம் 178,000. அண்ணனுக்கு 8,000 இலாபம்.

4. தீர்வுக் கணக்கு பற்று 8,000, மூலதனக் கணக்கு வரவு. மூலதனம் 138,000 ஆகிறது.

5. பங்குகள் கணக்கு பற்று 108,000, வங்கி பற்று 20,000, கம்பெனி கணக்கு வரவு 128,000. விலை கைக்கு வந்துவிட்டது.

6. மூலதனம் பற்று 138,000. பங்குகள் வரவு 108,000, வங்கி வரவு 30,000. ஏற்கனவே இருந்த 10,000-உம் கம்பெனி தந்த 20,000-உம் சேர்ந்ததுதான் அந்த 30,000.

கடைசிப் பதிவோடு எல்லாக் கணக்கும் பூச்சியம். முப்பது வருடப் புத்தகம் சரியாக மூடியதற்கு அதுவே அடையாளம். ஒரு கணக்கில் ஐந்து ரிங்கிட் நின்றாலும் எங்கோ ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

கம்பெனியின் புத்தகம்

இது புதுப் புத்தகம். இங்கே எழுதுவது ஒப்புக்கொண்ட புதிய மதிப்பில்.

1. வியாபாரம் வாங்கிய கணக்கு பற்று 128,000, அண்ணன் கணக்கு வரவு. கம்பெனி இவ்வளவு தர வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறது.

2. லோரி 35,000, அலமாரி 15,000, சரக்கு 76,000, பாக்கி 27,000, நற்பெயர் 25,000 ஆகியவை பற்று. சப்ளையர்கள் 50,000, வியாபாரம் வாங்கிய கணக்கு 128,000 வரவு. இரு பக்கமும் 178,000.

3. வங்கி பற்று 32,000, பங்கு மூலதனம் வரவு. மகனின் பணம்.

4. அண்ணன் கணக்கு பற்று 128,000. பங்கு மூலதனம் வரவு 108,000, வங்கி வரவு 20,000.

முதல் நாள் கம்பெனியின் நிலை இப்படி இருக்கும். நற்பெயர் 25,000, லோரியும் அலமாரியும் 50,000, சரக்கு 76,000, பாக்கி 27,000, வங்கியில் 12,000. மொத்தம் 190,000. எதிரே சப்ளையர்கள் 50,000, பங்கு மூலதனம் 140,000. சரியாக நிற்கிறது.

வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பேரேட்டில் மட்டும் பழைய 30,000-ஐ அப்படியே வைத்து, 3,000-ஐ வராக்கடன் ஒதுக்கீடாகத் தனியே காட்டுவது நல்லது. ஊரை விட்டுப் போனவர் தீபாவளிக்குத் திரும்பி வந்தால் அவர் எவ்வளவு தர வேண்டும் என்று தெரிய வேண்டாமா?

இரண்டையும் ஒட்டிப் பாருங்கள்

அண்ணனுக்கு இலாபம் 8,000. கம்பெனி எழுதிய நற்பெயர் 25,000. ஒரே விற்பனையில் இரண்டு எண்கள் எப்படி?

நடுவில் நிற்கும் 17,000 யாருடையது என்று பாருங்கள். லோரியில் குறைத்தது 10,000, சரக்கில் 4,000, பாக்கியில் 3,000. சரியாக 17,000. அண்ணனின் புத்தகம் இதையெல்லாம் சொத்து என்று சொல்லிக்கொண்டிருந்தது, கம்பெனி ஏற்கவில்லை. ஆகவே நற்பெயருக்காக விற்றவர் கைக்கு வந்த 25,000 ரிங்கிட்டில் 17,000 பழைய புத்தகத்தின் ஓட்டையை அடைக்கவே போய்விட்டது. உண்மையில் கூடியது 8,000-தான்.

நற்பெயர் என்பது விற்றவரின் இலாபமும் குறைத்து மதிப்பிட்ட தொகையும் சேர்ந்தது. இந்தக் கூட்டல் பொருந்தவில்லை என்றால் இரண்டு புத்தகத்தில் ஒன்று பிழை. வேறு யாரும் தேவையில்லை, இந்தச் சோதனையை நீங்களே வீட்டு மேசையில் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே நான் எழுதியது பாடப்புத்தக முறை. பரீட்சை எழுதும் பிள்ளைகள் இப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் விற்பனைக்கு முன்னும் பின்னும் வியாபாரம் அண்ணன் ஒருவரின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஒரே ஆளின் கையிலிருந்து அவர் கைக்கே போகும் வியாபாரத்தைக் கணக்கியல் தரநிலைகள் சாதாரணக் கொள்முதலாகப் பார்ப்பதில்லை. அதனால் கம்பெனியின் தணிக்கையாளர், சொத்துகளைப் பழைய மதிப்பிலேயே கொண்டுவந்து, நற்பெயரை ஒரு சொத்தாகக் காட்டாமல், வித்தியாசத்தை மூலதனப் பகுதியில் ஒரு ரிசர்வாகக் காட்டச் சொல்லலாம். அப்போதும் காலாவதி மாவும் வராத பாக்கியும் முதலில் பழைய புத்தகத்திலேயே கழிக்கப்பட வேண்டும். எந்த முறை என்று பதிவு போடுவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

மகன் கேட்ட கேள்வி

இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த மகன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அங்கிள், இந்த 25,000 வெறும் புத்தகத்துல எழுதற எண்தானே? கூட்டி எழுதினா என்ன, குறைச்சி எழுதினா என்ன?"

நான் கால்குலேட்டரை அவர் பக்கம் தள்ளினேன். நற்பெயர் 25,000 என்றால் மொத்தப் பங்கு 140,000, அதில் மகனுடையது 32,000. கிட்டத்தட்ட 23 விழுக்காடு. நற்பெயரே இல்லை என்று வைத்தால் விலை 103,000. 20,000 ரொக்கம் போக அப்பாவுக்கு 83,000 பங்கு. மொத்தம் 115,000, அதில் மகனுடையது அதே 32,000. கிட்டத்தட்ட 28 விழுக்காடு.

மகன் போட்ட பணம் ஒன்றுதான். அப்பா சொன்ன விலையைப் பொறுத்து அவருடைய பங்கு ஐந்து விழுக்காடு ஏறுகிறது, இறங்குகிறது. வீட்டில் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். நாளை அப்பாவின் பங்கு மூன்றாகப் பிரியும் போது இந்த ஐந்து விழுக்காட்டைப் பற்றித்தான் பேச்சு வரும். அந்த நேரத்தில் "அப்பா ஏதோ போட்டார்" என்பது பதிலாகாது. 60,000-லிருந்து 42,000-ஐக் கழித்த அந்த ஒரு பக்கத் தாளை எடுத்து வைக்க முடிய வேண்டும்.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தத் தாளை அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் காட்டிட்டுத்தான் கையெழுத்து" என்றார்.

கடன் தானாகப் போகாது

கம்பெனி சப்ளையர் கடன் 50,000-ஐ ஏற்றுக்கொண்டது என்று இரண்டு புத்தகத்திலும் எழுதிவிட்டோம். ஆனால் சப்ளையர் சம்மதித்தாரா? அப்பாவும் கம்பெனியும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம், அதில் கையெழுத்துப் போடாத சப்ளையரைக் கட்டுப்படுத்தாது. கம்பெனி கட்டத் தவறினால் அவர் நேராக அண்ணனிடமே வந்து கேட்கலாம். சாலமனின் வழக்கில் அவர் தப்பியது கம்பெனி பட்ட கடனிலிருந்துதான். வியாபாரத்தின் பழைய கடன்கள் ஏற்கனவே தீர்க்கப்பட்டிருந்தன. "இனி உங்கள் பாக்கிக்குக் கம்பெனியே பொறுப்பு, பழைய முதலாளியை விடுவிக்கிறேன்" என்று ஒவ்வொரு சப்ளையரிடமும் எழுத்தில் வாங்குவதே பாதுகாப்பு. தரமாட்டேன் என்பவருக்கு அண்ணன் பழைய கணக்கிலிருந்து பணத்தைக் கட்டி முடித்துவிட்டு, அந்தத் தொகையைக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளலாம்.

மறுபக்கம், வாடிக்கையாளர்கள் பழக்கத்தில் அண்ணனின் பழைய வங்கிக் கணக்கிலேயே பணம் போட்டுக்கொண்டிருப்பார்கள். விற்பனைத் தேதிக்குப் பிறகு வந்த பாக்கிப் பணம் கம்பெனியுடையது. அண்ணன் அதை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. கம்பெனி புத்தகத்தில் "அண்ணன் தர வேண்டியது" என்று பற்று எழுதி, வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்து, மாத முடிவில் மொத்தமாகக் கம்பெனி கணக்குக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாத கடைகளில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பாக்கி குறையாமல் நிற்கும், அப்பாவின் சொந்தக் கணக்கில் மட்டும் பணம் இருக்கும். இலாபம் வந்தது போலவும் தெரியாது, வராதது போலவும் தெரியாது.

லோரிக்கு ஜேபிஜேயில் பெயர் மாற்ற வேண்டும், கடை லைசென்சை அலோர் காஜா நகராண்மைக் கழகத்தில் கம்பெனி பெயரில் எடுக்க வேண்டும். பணமாக அல்லாமல் சொத்துக்குப் பதிலாகப் பங்கு கொடுத்ததைக் கம்பெனிச் செயலாளர் எஸ்எஸ்எம்மிடம் தெரிவிக்க வேண்டும். 14 நாள் கெடு உண்டு. வருமான வரிக்கு வேறு கணக்கு. லோரியை என்ன விலைக்கு விற்றதாக எழுதினாலும், விற்பவரும் வாங்குபவரும் ஒரே கட்டுப்பாட்டில் இருந்தால் வரி இலாகா பழைய மிச்ச மதிப்பிலேயே தொடரும். விலையைக் கூட்டி எழுதிக் கம்பெனிக்கு அதிகக் கழிவு வாங்க முடியாது. அண்ணனின் பெயரில் கழிக்கப்படாத பழைய வியாபார நட்டம் இருந்தால் அதுவும் கம்பெனிக்கு வராது. நட்டம் பட்டவர் வேறு ஆள்.

ரொக்கம் இல்லையென்றால்?

மகனிடம் 32,000 இல்லாமல் இருந்தால்? நிறையக் குடும்பங்களில் நிலைமை அதுதான். அப்போது அந்த 20,000-ஐக் கம்பெனி உடனே தராமல், இயக்குநருக்குத் தர வேண்டிய கடனாக எழுதி வைக்கலாம். பதிவு சின்னது. அண்ணன் கணக்கு பற்று, இயக்குநர் கடன் வரவு. ஆனால் பொருள் பெரியது. பங்காக எடுத்த 108,000-க்கு அண்ணன் கம்பெனியின் சொந்தக்காரர், கம்பெனி மூழ்கினால் வரிசையில் கடைசி ஆள். கடனாக வைத்த 20,000-க்கு அவர் சப்ளையர்களோடு ஒரே வரிசையில் நிற்கும் கடன்காரர். சாலமன் 10,000 பவுனைப் பங்காக எடுக்காமல் ஈட்டோடு கூடிய கடன் பத்திரமாக எடுத்ததால், அந்தத் தொகைக்குச் சப்ளையர்களுக்கும் முன்னே நின்றார். அதனால்தான் சப்ளையர்களுக்கு அவர் மேல் அவ்வளவு கோபம். உங்கள் சப்ளையரும் கம்பெனியின் கணக்கைப் புரட்டும்போது முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

போகும்போது அண்ணன் அந்தப் பழைய இரண்டு புத்தகங்களையும் கையிலெடுத்தார். "மூடியாச்சின்னா இதைக் கடாசிடலாமா?" என்று மகன் கேட்டார். வரிக் கணக்குக்காக ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்றேன். "ஏழு வருஷம் இல்ல, நான் இருக்கற வரைக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, புத்தகங்களைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு லோரியில் ஏறினார். லோரி அப்போது இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது.